பெயர் வட்டியும் மெய் வட்டியும்

"நூற்றுக்கு இரண்டு வட்டி" என்று கடன்காரர் சொல்லுகிறார். மாதம் இரண்டு ரூபாய் என்றால் வருஷத்திற்கு இருபத்துநாலு ரூபாய் என்று கடன் வாங்குகிறவர் மனக்கணக்குப் போட்டுத் திருப்தி அடைகிறார். பத்திரத்திலும் வருஷ வட்டி 24 சதவிகிதம் என்றே எழுதப்படுகிறது. ஆனால் அதே பத்திரத்தின் ஒரு மூலையில், "மாதந்தோறும் செலுத்தப்படாத வட்டியை அசலுடன் சேர்த்து, அதற்கும் மேற்படி விகிதப்படி வட்டி கணக்கிடப்படும்" என்று ஒரு வாசகம் இருக்குமானால், 24 என்பது வட்டியின் பெயரேயன்றி வட்டியாகாது. மெய்யான வருஷ வட்டி வேறு. இந்த வேற்றுமை எங்கிருந்து பிறக்கிறது, எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கைக் கொண்டே பார்ப்போம்.

ஒரு குடியானவர் 10,000 ரூபாய் கடன் வாங்கி, ஒரு வருஷம்வரை ஒன்றும் செலுத்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத முடிவில் வட்டி 200 ரூபாய். பாக்கி 10,200 ரூபாய். இதுவரை தகராறில்லை. இரண்டாவது மாதத்திலேதான் வழி பிரிகிறது. தனி வட்டியானால் மேலும் 200 ரூபாய் ஏறிப் பாக்கி 10,400 ஆகும். மாதக் கூட்டு வட்டியானால், 10,200 ரூபாய்க்கும் வட்டி கணக்காகி, 204 ரூபாய் ஏறும். பாக்கி 10,404 ஆகிவிடும். வித்தியாசம் நாலே ரூபாய். முதல் மாத வட்டியாகிய 200 ரூபாய், தானும் ஓர் அசலாகி ஈன்ற குட்டி அது.

இந்த நாலு ரூபாயை அற்பமென்று தள்ளலாகாது. முதல் மாதத்து வட்டி இன்னும் பதினொரு மாதம் நின்று, மாதம் நாலு ரூபாய் வீதம் ஈட்டும். இரண்டாம் மாதத்து வட்டி பத்து மாதம் ஈட்டும். மூன்றாவது ஒன்பது மாதம். இப்படி 11, 10, 9 என்று ஒன்றுவரை கூட்டினால் 66 வருகிறது. அறுபத்தாறு நாலு ரூபாய்கள் 264 ரூபாய். அந்த 264 ரூபாயும் சும்மா இருப்பதில்லை. அதற்கும் வட்டி ஏறி, ஏறத்தாழ 18 ரூபாய் சேருகிறது. ஆகவே வருஷ முடிவில் தனி வட்டிப்படி 12,400 ரூபாயாக இருக்கவேண்டிய பாக்கி, மாதக் கூட்டு வட்டிப்படி 12,682 ரூபாயாக நிற்கிறது. அதாவது பெயர் வட்டி 24 சதவிகிதம். மெய் வட்டி 26.82 சதவிகிதம். சுருக்கமாகக் கணக்கிட விரும்புவோர் 1.02 என்ற எண்ணைப் பன்னிரண்டு தடவை தன்னைக்கொண்டே பெருக்கி, ஒன்றைக் கழித்துவிட்டால் இதே விடை கிடைக்கும்.

இப்போது இரண்டு கடன்காரர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் 24 சதவிகிதம், மாதக் கூட்டு என்கிறார். மற்றவர் 26 சதவிகிதம், வருஷத்திற்கு ஒரே தடவை கணக்கு என்கிறார். பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலோர் முதலாமவரே தயாள குணமுள்ளவர் என்பார்கள். ஆனால் வருஷக் கடைசியில் முதலாமவருக்கு 12,682 ரூபாயும், இரண்டாமவருக்கு 12,600 ரூபாயும் கொடுக்க வேண்டியிருக்கும். மலிவாகத் தோன்றியதே 82 ரூபாய் அதிக விலை பிடித்தது. விகிதத்தை மாத்திரம் கேட்டுவிட்டு, எத்தனை மாதத்திற்கொரு தடவை வட்டி அசலாகிறது என்று கேளாமலிருப்பது, படியின் அளவைப் பாராமல் நெல்லின் விலையைப் பேசுவது போலாகும்.

இங்கே ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மாதா மாதம் 200 ரூபாயைத் தவணை தவறாமல் செலுத்திவிடுகிறவருக்கு வட்டிக்கு வட்டி என்பதே இல்லை. அவர் வருஷத்தில் 2,400 ரூபாய்தான் கொடுக்கிறார். அந்த 200 ரூபாயை மாதா மாதம் தம் வியாபாரத்தில் போட்டுப் புரட்டக்கூடியவராயிருந்தால், முன்கூட்டியே கொடுத்ததனால் அவருக்கும் நஷ்டமுண்டு. ஆனால் பத்திரத்தில் பாக்கி ஏறாது. மெய் வட்டியின் முழுச் சுமையும் விழுவது, தவணை தவறியவர் தலையிலேதான். மழை பொய்த்த வருஷத்திலே யார் தவறுவார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

வட்டி உயர உயர இந்தப் பேதம் வெகு வேகமாக விரிகிறது. மாதம் ஒரு வட்டியில், 12 சதவிகிதம் 12.68 ஆகிறது, இதைப் பொறுக்கலாம். மூன்று வட்டியில் 36 சதவிகிதம் 42.58 ஆகிறது. பத்து வட்டியிலோ 120 சதவிகிதம் என்பது 213.84 சதவிகிதமாகி நிற்கிறது. காலம் நீண்டாலும் அப்படியே. இரண்டு வட்டிக் கடன், தனி வட்டியில் இரட்டிப்பாக 50 மாதம் செல்லும். மாதக் கூட்டில் 36-வது மாதத்திலேயே 20,000 ரூபாயைத் தாண்டிவிடும். ஐந்து வருஷத்தில் தனி வட்டிப்படி 22,000 ரூபாய். கூட்டு வட்டிப்படி 32,810 ரூபாய்.

இந்த உண்மையை நம் மாகாணத்துச் சட்டம் முன்னரே உணர்ந்திருந்தது. ராஜகோபாலாச்சாரியார் பிரதமராயிருந்த காங்கிரஸ் மந்திரிசபை கொண்டுவந்த 1938-ம் வருஷத்துச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அதன்பின் வாங்கும் கடன்களுக்கு வருஷம் 6¼ சதவிகிதம் என்று உச்ச வரம்பு விதித்ததோடு நிற்கவில்லை. "தனி வட்டி" என்று திட்டமாகக் கூறி, ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி என்று விளக்கமும் தந்தது. ரூபாய்க்கு 192 தம்பிடியாகையால், பன்னிரண்டு தம்பிடி சரியாக 6¼ சதவிகிதம். தனி வட்டி என்ற சொல் இல்லாதிருந்தால், அந்த வரம்புக்குள்ளிருந்தபடியே அதைத் தாண்டிவிட வழியிருந்திருக்கும்.

அதைவிட நுட்பமானது மற்றொரு ஏற்பாடு. வட்டியை அசலாக்கிப் புது நோட்டு எழுதி வாங்குவது பழைய தந்திரம். அதில் கூட்டு வட்டி என்ற சொல்லே இராது. ஆனால் நோட்டு மாறும் போதெல்லாம் வட்டி அசலாகிவிடும். ஆகவே பழைய கடன்களைக் குறைக்கையில், நோட்டு எத்தனை தடவை மாறியிருந்தாலும், ஆதியில் கையில் கொடுத்த தொகையும் பின்னர் மெய்யாகவே கொடுத்த தொகையுமே அசல் என்று அச்சட்டம் விதித்தது. 1932-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதிக்கு முந்திய கடனில், அந்த அசலைப்போல் இரு மடங்கு செலுத்தியாகிவிட்டிருந்தால் கடனே தீர்ந்ததென்றும் கூறியது.

இன்று பத்திரங்களைப் படித்துப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு, ஊர்தோறும் பொது வேலை செய்யும் அன்பர்களிடமே வந்து சேருகிறது. அவர்கள் பெரிய கணக்கொன்றும் போட வேண்டியதில்லை. "இரண்டு மாதம் ஒன்றும் கட்டாவிட்டால் பாக்கி எவ்வளவு?" என்று கடன் கொடுப்பவரையே கேட்டு, விடையை எழுதி வாங்கட்டும். 10,400 என்றால் சொன்ன வட்டியே வட்டி. 10,404 என்றால், அந்த நாலு ரூபாயைக் காட்டி, "வருஷ வட்டி 24 அல்ல, 26.82" என்று கையெழுத்துப் போடுமுன் கடன் வாங்குபவருக்குச் சொல்லட்டும். கையெழுத்து விழுந்த பின் சொல்லிப் பயனென்ன?