இரண்டு அம்புகளும் ஒரு சோதனையும்

மேலாளரின் ஆதரவு பணித்திருப்தியைக் கூட்டும். திருப்தி கூடினால் வேலையை விடும் எண்ணம் குறையும். எம்.பி.ஏ. ஆய்வேட்டுக்கு இந்த மூன்று மாறிகளே போதும். ஆர் மென்பொருளின் லாவான் தொகுப்பில் இப்படி எழுதலாம்:

```
satis ~ support
leave ~ satis
```

ஆதரவிலிருந்து விலகலுக்கு நேர் அம்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த இல்லாத அம்புதான் சோதிக்கப்படுகிறது. தரப்படுத்திய கெழுக்கள் 0.5, −0.6 என்றால், ஆதரவுக்கும் விலகலுக்கும் உள்ள ஒட்டுறவு அவற்றின் பெருக்கலான −0.30 ஆக இருக்கவேண்டும். தரவில் −0.32 வந்தால் மாதிரி பொருந்துகிறது. 200 பேரிடம் −0.50 வந்தால் கை-வர்க்கம் 17-ஐத் தாண்டும், p மதிப்பு 0.001-க்கும் கீழே போகும், மாதிரி தோற்றது. வழக்கமான சோதனைக்கு நேர்மாறாக, இங்கே p பெரிதாக இருப்பதே நல்லது.

தோற்றதும் பலர் மூன்றாவது அம்பையும் போட்டுவிடுகிறார்கள். உடனே சி.எஃப்.ஐ. 1, ஆர்.எம்.எஸ்.இ.ஏ. 0! இது வெற்றியல்ல, கட்டின்மை எண் பூஜ்யமாகி, சோதிக்க எதுவும் மிஞ்சவில்லை. கட்டின்மை எண் 1 ஆக உள்ள சிறிய மாதிரியிலும் ஆர்.எம்.எஸ்.இ.ஏ.-வை நம்ப முடியாது. கை-வர்க்கத்தையும் எஞ்சிய ஒட்டுறவையும் பாருங்கள்.

இரண்டு அம்புகளையும் திருப்பிப் போட்டாலும் அதே கை-வர்க்கம்தான் வரும். எது காரணம், எது விளைவு என்பதைக் கோட்பாட்டைக் கொண்டுதான் வாதாடவேண்டும்.