கூட்டத்திற்கு வர இயலாதபோது

நெசவாளர் சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது நாம் முதலில் புரட்டுவது கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தையே. அதில் சில நிர்வாகக் குழு அங்கத்தினர் பெயருக்கு எதிரே கையொப்பமும் இராது, காரணமும் இராது. கேட்டால், "தலைவரிடம் டீக்கடையில் சொன்னேனே!" என்பார்கள். டீக்கடையில் சொன்னது புத்தகத்தில் ஏறுவதில்லை.

ஒரு சங்கத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். குழுவினர் ஏழு பேர். கூட்டம் நடத்தக் குறைந்தது நால்வர் வேண்டும். நூல் கொள்முதலுக்கு அனுமதி பெறக் காலை பத்து மணிக்குக் கூட்டம். வந்தவர் மூவர். மற்ற நால்வரில் இருவர் கலியாணத்திற்குப் போயிருந்தனர், ஒருவருக்குக் காய்ச்சல், நான்காமவர் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். தாம் ஒருவர் போகாவிட்டால் மற்ற அறுவர் இருக்கிறார்களே என்பது நால்வருடைய எண்ணமும். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, நூலும் வரவில்லை, தறிகள் காத்துக் கிடந்தன. இரண்டு நாள் முன்னதாகத் தெரிந்திருந்தால், தலைவர் தேதியை மாற்றியிருப்பார்.

ஆகவே அறிவிப்புக் கிடைத்தவுடன் நாளைப் பார்த்து, வர இயலாதெனில் அப்போதே எழுதிவிட வேண்டும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை:

"தலைவர் அவர்களுக்கு வணக்கம். 12ஆம் தேதிக் கூட்ட அறிவிப்பு கிடைத்தது. அன்று காலை பாவு வேலை இருப்பதால் வர இயலவில்லை. விடுப்பு அளித்துப் பதிவு செய்யக் கோருகிறேன். நூல் கொள்முதல் பற்றிய என் கருத்தைக் கீழே எழுதியுள்ளேன்."

இதைச் செயலாளரிடம் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் பெற்றுக்கொள்ளலாம். தலைவரிடம் தொலைபேசியில் சொல்வதும் நல்லதே; எனினும் கடிதமும் வேண்டும். தொடர்ந்து சில கூட்டங்களுக்கு அனுமதியின்றி வராதவர் பதவி இழப்பார் என்று பல சங்கங்களின் துணைவிதிகளில் காணலாம். அப்போது பேசுவது அந்த நகல்தான்.

கடிதத்தில் எழுதும் கருத்து வாக்கு ஆகாது. தலைவர் அதைப் படித்துக் காட்டலாமேயன்றி, எழுதியவரை வந்தவராகக் கணக்கிட இயலாது. தமக்காக மைத்துனரை அனுப்பிவைக்கும் அன்பர்களும் உண்டு! அவர் காப்பி அருந்திவிட்டுத் திரும்பலாம், அவ்வளவே.

இவற்றினும் பெரிய தவறு, மறுநாள் சங்கத்திற்கு வந்து விடுபட்ட இடத்தில் கையொப்பமிடுவது. செயலாளரும் புத்தகம் நிறைவாக இருக்கட்டும் என்று நீட்டிவிடுகிறார். தணிக்கையில் இது எளிதில் புலப்படும். மையின் நிறம் வேறாயிருக்கும், அல்லது இரு வரிகளுக்கிடையே பெயர் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். புலப்படாமற் போனாலோ இன்னும் ஆபத்து. அன்று நிறைவேறிய தீர்மானத்தால் சங்கத்திற்கு நஷ்டம் நேர்ந்து, தண்டத் தீர்வை விசாரணை வருமாயின், உடனிருந்து இசைந்தவருள் ஒருவராக அவரும் பதில் கூற நேரும். கடிதம் கொடுத்தவருக்கோ, தாம் அங்கில்லை என்பதற்கு அதுவே சான்று.

அடுத்த கூட்டத்தில் முந்தைய நடவடிக்கைகளைப் படிக்கும்போது, "விடுப்பு அனுமதிக்கப்பட்டது" என்ற வரி இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லையெனில் அங்கேயே எழுந்து கேட்டு எழுதச் செய்யலாம்.