நாக்டூரியா

உறக்கத்தின் நடுவே சிறுநீர் கழிப்பதற்காக விழித்தெழும் நிலை நாக்டூரியா எனப்படும். இது ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் என்றால் உடனே புராஸ்டேட் சுரப்பியின் மீது பழி போடுவது வழக்கம். அதே வயதுப் பெண்களும் இவ்வாறு எழுகிறார்கள் என்பது அப்போது மறந்துபோகிறது.

காரணத்தைப் பிரித்தறிய மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பேடு பெரிதும் உதவுகிறது. ஒவ்வொரு முறையும் அளவுக் குவளையில் பிடித்து, நேரத்தையும் அளவையும் எழுத வேண்டும். படுக்கும் முன் கழித்தது பகல் கணக்கு. காலையில் எழுந்ததும் கழிப்பது இரவுக் கணக்கு. இதில்தான் பலர் தவறுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, 68 வயதான ஒருவர் புராஸ்டேட்டுக்கு மாத்திரை உட்கொண்டும் இரவில் மூன்று முறை எழுகிறார் எனக் கொள்வோம். அவருடைய ஒரு நாள் மொத்தச் சிறுநீர் 1,800 மி.லி. இரவில் 260, 240, 220 மி.லி., காலையில் 180 மி.லி. ஆக இரவின் பங்கு 900 மி.லி., அதாவது 50 விழுக்காடு. 65 வயதுக்கு மேற்பட்டோரில் இது 33 விழுக்காட்டைத் தாண்டினால் இரவு மிகைச்சிறுநீர் எனப்படும். இரவில் எழும் ஒவ்வொரு முறையும் 200 மி.லி.க்கு மேல் வெளியேறுவதால் அவருடைய சிறுநீர்ப்பை நன்றாகவே கொள்கிறது. கோளாறு சிறுநீர்ப்பைக்கு மேலே இருக்கிறது.

புராஸ்டேட் வீக்கமே முதன்மைக் காரணமாயின் படம் வேறாக இருக்கும்: ஒரு முறைக்கு 80 அல்லது 100 மி.லி. மட்டுமே வரும், பகலிலும் அடிக்கடி போக நேரும், தாரை மெலியும். கழித்தபின் எஞ்சியிருக்கும் சிறுநீரை ஸ்கேனில் அளக்கலாம்.

இனி அவருடைய கால்களைப் பார்க்க வேண்டும். மாலையில் இரு கணுக்கால்களும் வீங்கி, காலையில் வடிந்திருந்தால், அந்த நீர் இரவில் சிறுநீராகப் போயிருக்கிறது. இதயச் செயலிழப்பில் பகல் முழுதும் கால்களில் தேங்கும் நீர், படுத்ததும் இரத்த ஓட்டத்துக்குத் திரும்பிச் சிறுநீரகத்தை அடைகிறது. தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுவது, தலையணைகளின் எண்ணிக்கை கூடுவது ஆகியன இந்த ஐயத்தை வலுப்படுத்தும். ஆனால் இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரையும் கால் வீக்கம் தரும். மருந்துச் சீட்டையும் பார்த்துவிடுவது நல்லது.

கால் வீக்கம் இல்லை, ஆனால் பலத்த குறட்டை, இடையிடையே மூச்சு நின்று திணறல், பகலில் தூக்கம் என்றால் உறக்க மூச்சுத்தடையை ஐயுற வேண்டும். அடைபட்ட தொண்டைக்கு எதிராக மூச்சிழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து, இதயத்துக்குக் கூடுதல் இரத்தம் வந்து மேலறை விரிகிறது. மிகுதியாக நீர் சேர்ந்துவிட்டதாக ஏமாந்த மேலறை, உப்பையும் நீரையும் வெளியேற்றும் ஹார்மோனைச் சுரக்கிறது. இவர்களில் பலருக்கு, சிபாப் கருவியால் மூச்சுப்பாதையைத் திறந்து வைத்தால் இரவுச் சிறுநீர் குறைகிறது.

இரவுச் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் மருந்து இரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடும். முதியோருக்கு இந்த இடர் அதிகம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அதைத் தரக்கூடாது என்பதால், காரணத்தைப் பிரித்தறியாமல் அதைத் தொடங்குவதில்லை.