கேரட் பாக்கெட்டின் பின்பக்கம்

பிரிட்டனில் விற்கும் கேரட் விதை பாக்கெட் ஒன்றின் படம் உங்கள் கைபேசியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கத்தில் பன்னிரண்டு மாதக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மாதத்தின் முதல் ஆங்கில எழுத்து மட்டும்தான். ஜனவரி, ஜூன், ஜூலை மூன்றுக்கும் ஒரே எழுத்து என்பதால், இடப்பக்கத்திலிருந்து எண்ணித்தான் மாதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விதைப்புக்கு ஒரு நிறம், அறுவடைக்கு வேறு நிறம். மங்கலான படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள்.

மார்ச் முதல் ஜூலை வரை விதைக்கச் சொல்கிறது பாக்கெட். சென்னை மொட்டைமாடியில் அப்படியே செய்தால் விதை முளைக்கும், தழையும் வரும். கிழங்குதான் கட்டையாக, வெளிறி, நாராகிப் போகும். மார்ச் என்பது அங்கே மண்ணின் குளிர் விடத் தொடங்கும் காலம். கேரட்டுக்கு நல்ல நிறமும் நீளமும் கிடைப்பது 15 முதல் 20 டிகிரி வெப்பத்தில். சமவெளியில் அதற்கு ஓரளவு பக்கத்தில் வருவது டிசம்பர், ஜனவரி மட்டுமே. ஆகவே மாதத்தை விட்டுவிட்டு அதன் குளிரைத் தேட வேண்டும். கோவையில் அக்டோபர் கடைசியில் விதைக்கலாம். சென்னையில் நவம்பர் நடுவில் விதைத்து, அடைமழை அடிக்கும் நாட்களில் பைகளின் மேல் ஷீட் கட்டிவிட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஆழம் ஒரு சென்டிமீட்டர் என்றிருக்கும். அது இங்கும் பொருந்தும். வெயில் என்று பயந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் புதைத்தால் இந்தச் சின்ன விதையால் மேலே வர முடியாது. நம் ஊரில் சிக்கல் வேறு: மேல்மண் சில மணி நேரத்தில் காய்ந்து ஓடுகட்டிவிடும். விதையின் மேல் மண்ணுக்குப் பதிலாகச் சலித்த மட்கிய தென்னை நார்க்கழிவைத் தூவி, ஈரச் சாக்கால் மூடி, காலையும் மாலையும் பூவாளியால் தெளித்தால் போதும். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் நாற்று வெளிறி நீண்டு சாயும். பாக்கெட் இரண்டு மூன்று வாரம் என்று சொன்னாலும், இங்கே ஆறிலிருந்து பத்து நாளில் முளைத்துவிடும். இரண்டு வாரமாகியும் ஒன்றும் வரவில்லையென்றால், காத்திராமல் மறுபடி விதையுங்கள்.

வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் என்பது தோட்டத்தில் களைக்கொத்து புகுவதற்கான இடம். பையில் அது வீண். எல்லாப் பக்கமும் ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டால் போதும். ஆனால் செடிக்குச் செடி விடச் சொன்ன ஐந்து சென்டிமீட்டரைக் குறைக்கக் கூடாது. அது கிழங்கு பருப்பதற்கான இடம், ஊர் மாறினாலும் மாறாது. நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கியதை வேறிடத்தில் நட்டால் வேர் கவைத்துப் பிளந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து தழையடியில் மண்ணை விலக்கிப் பாருங்கள். தலைப்பகுதி இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் பிடுங்கலாம். இன்னும் பருக்கட்டும் என்று மார்ச் வெயிலுக்கு விட்டால் நடுத்தண்டு கட்டையாகிவிடும்.