73-ஆ, 74-ஆ?

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் அக்கா மகளிடம், பஞ்சாயத்து ராஜ் எந்தச் சட்டத் திருத்தம் என்று கேட்டால் ஒரு நாள் 73 என்பாள், மறுநாள் 74 என்பாள். நோட்டில் பச்சை மையால் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறாள். அரசியலமைப்புப் பகுதியில் மட்டும் 240 கேள்விகள் எழுதி வைத்திருக்கிறாள். அவற்றைத் தினமும் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதால் முதல் நாற்பது கேள்விகள் அத்துப்படி, கடைசி நாற்பது கேள்விகளில் கண்ணே பட்டதில்லை.

அந்தப் பட்டியலை ஆன்கி என்ற செயலியில் ஏற்றினோம். டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-இல் வெளியிட்டது. ஜப்பானிய மொழியில் இந்தப் பெயருக்கு மனப்பாடம் என்று பொருள். கணினியில் இலவசம். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று கார்டு காட்டும். பதிலைத் திருப்பிப் பார்த்ததும் `Again`, `Hard`, `Good`, `Easy` என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அதை வைத்து அந்தக் கார்டு அடுத்து எப்போது வர வேண்டும் என்று கணக்குப் போடும். பழைய கணக்கு முறையில், பத்து நாள் கழித்து வந்த கார்டுக்கு `Good` அழுத்தினால் அடுத்தது ஏறத்தாழ 25 நாள் கழித்து வரும். மறந்துவிட்டது என்றால் தொடக்கத்துக்கு அருகில் போய்விடும்.

240 கார்டையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்து, `File` மெனுவில் `Import` கொடுத்தால் போதும். ஒரு வரிக்கு ஒரு கேள்வி. கேள்வி, பதில், குறிகள் என்று மூன்று பத்தி. நடுவில் பிரிப்பதற்குக் காற்புள்ளி வேண்டாம். நம் கேள்விகளிலேயே காற்புள்ளி வரும், அங்கே வரி உடைந்து பாதிக் கேள்வி பதிலாகிவிடும். நாங்கள் நெடுக்குக் கோடு போட்டோம்.

```
#separator:Pipe
#html:false
#notetype:Basic
#deck:அரசியலமைப்பு
#tags column:3
அடிப்படைக் கடமைகளைச் சேர்த்த திருத்தம்?|42 (1976)|அலகு::03 கடினம்::1
வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய திருத்தம்?|61|அலகு::03 கடினம்::2
பஞ்சாயத்து ராஜ் பற்றிய திருத்தம்?|73|அலகு::07 கடினம்::1
```

`#` போட்டுத் தொடங்கும் முதல் ஐந்து வரிகள் ஆன்கிக்கான கட்டளைகள். மூன்றாம் பத்தியில் இருப்பது டேக், அதாவது நோட்டில் ஓரத்தில் எழுதும் குறிப்பைப் போன்றது. கோப்பை `UTF-8` என்று சேமிக்க வேண்டும். எக்செல்லிலிருந்து எடுப்பவர்கள் வெறும் `CSV` கொடுத்துவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ வந்து நிற்கும். ஏற்றுவதற்கு முன் ஆன்கி முன்னோட்டம் காட்டும். அந்தச் சாளரத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்துகிறவர்கள்தான் பிறகு 240 கார்டையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். ஏற்றி முடித்ததும் எத்தனை சேர்ந்தது என்று சொல்லும். பட்டியலின் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு வரி இடறியிருக்கிறது.

எங்களுக்கு இடறியது வேறிடத்தில். முதல் முறை டேகை `அலகு 3` என்றும் `கடினம் 3` என்றும் எழுதியிருந்தாள். ஆன்கியில் இடைவெளி விட்டால் டேக் முடிந்தது என்று பொருள். ஆகவே `அலகு`, `3`, `கடினம்` என்று மூன்று தனித்தனி டேக் உருவாகிவிட்டன. மூன்றாம் அலகைத் தேடினால், எந்த அலகாக இருந்தாலும் கடினம் மூன்று போட்ட கேள்விகளும் சேர்ந்து வந்தன. இடையில் `::` போட்டால் அது கிளையாகிவிடும். `அலகு` என்று தேடினால் எல்லா அலகும், `அலகு::03` என்று தேடினால் அது மட்டும். `03` என்று பூஜ்யம் போட்டதும் காரணத்தோடுதான்: இல்லாவிட்டால் பத்தாம் அலகு இரண்டாம் அலகுக்கு முன்னால் போய் உட்காரும்.

அலகுக்கு ஒரு டெக், அதாவது கார்டுக் கட்டு, என்று தனித்தனியாகப் பிரித்தால் என்ன என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் ‘உள்ளாட்சி’ என்ற டெக்கைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால், திருத்த எண் என்று கேட்டதும் விடை 73 அல்லது 74 என்பது கேள்வியைப் படிக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. தேர்வுத் தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. ஒரே டெக், உள்ளே டேக் என்பதுதான் என் கட்சி. ஓர் அலகை மட்டும் ஒரு நாள் பார்க்க வேண்டுமென்றால் `tag:அலகு::07 is:due` என்ற தேடலோடு ஒரு தற்காலிக டெக் செய்துகொள்ளலாம். பதில் சொல்லி முடித்த கார்டுகள் தாமாகவே பழைய டெக்குக்குத் திரும்பிவிடும்.

அலகு டேக் ஒரு உண்மை. ஏழாம் அலகில் இருக்கும் கேள்வி நாளைக்கும் ஏழாம் அலகில்தான் இருக்கும். கடினம் டேக் அப்படி அல்ல. அது வெறும் ஊகம், அதுவும் கேள்வியை எழுதும்போது, புத்தகம் திறந்திருக்கும்போது போட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எந்தக் கார்டு எப்போது வரும் என்று கணக்குப் போடும்போது ஆன்கி இந்த டேகைப் பார்ப்பதே இல்லை. கடினம் மூன்று என்று ஒட்டினால் அடிக்கடி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. நாம் அழுத்தும் பொத்தான் மட்டும்தான் அதற்குத் தெரியும். அதிலும் ஒரு பழக்கம் கெடுக்கிறது. மறந்துபோன கேள்விக்கு, `Again` அழுத்த மனம் வராமல் `Hard` அழுத்துவது. `Hard` என்றால் தட்டுத் தடுமாறியாவது நினைவுக்கு வந்தது என்று அர்த்தம். பதில் வரவே இல்லையென்றால் `Again`தான். இல்லாவிட்டால் தெரியாத கேள்வி நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்படியானால் கடினம் டேக் எதற்கு? ஊகத்தைச் சரிபார்க்க. ஒரு மாதம் படித்த பிறகு கார்டுகளின் பட்டியல் சாளரத்தில் இப்படித் தேடினோம்.

```
tag:கடினம்::1 prop:lapses>=3
```

எளிது என்று நினைத்து ஒட்டி, நன்றாகப் பழகிய பிறகும் மூன்று முறையாவது மறந்தவை என்று இதற்குப் பொருள். ஒன்பது கார்டு வந்தன. வயதை 18 ஆக்கிய 61-ஆவது திருத்தத்துக்கு அவள் கடினம் இரண்டு போட்டிருந்தாள், ஆனால் அது ஒரு முறையும் மறக்கவில்லை. பஞ்சாயத்து ராஜுக்குக் கடினம் ஒன்று, அதுதான் பட்டியலின் உச்சியில் நின்றது.

டேகை மாற்றி மூன்று போடுவது ஒரு நொடி வேலை. அதனால் கார்டு நினைவில் நின்றுவிடாது. ஒரு கார்டை எட்டு முறை இப்படி மறந்தால் ஆன்கி தானே `leech`, அதாவது அட்டை, என்று ஒரு டேக் ஒட்டும். ரத்தத்தை உறிஞ்சுவதுபோல நேரத்தை உறிஞ்சுகிறது என்பதால் அந்தப் பெயர். அமைப்பைப் பொறுத்து அந்தக் கார்டை நிறுத்தியும் வைத்துவிடும். அங்கே வந்து சேரும் முன் பார்க்க வேண்டியது, அது எதோடு குழம்புகிறது என்பதை.

73-ம் 74-ம் தனித்தனியாகக் கடினம் இல்லை. இரண்டும் 1992-இல் நிறைவேறின, இரண்டும் உள்ளாட்சி, எண்ணும் பக்கத்துப் பக்கத்தில். ஆகவே புதிதாக ஒரு கார்டு சேர்த்தோம். கேள்வி: ‘கிராமம், நகரம் இரண்டில் முந்திய எண் எதற்கு, எந்த அட்டவணைகள்?’ பதில்: ‘கிராமம் 73, 11-ஆம் அட்டவணை. நகரம் 74, 12-ஆம் அட்டவணை.’ பழைய கார்டின் கேள்வியிலும் ‘கிராம’ என்ற சொல்லைச் சேர்த்தோம்.

இந்தத் திருத்தங்களை ஆன்கிக்கு உள்ளேயே செய்ய வேண்டும். ஏற்கெனவே இருக்கிற கார்டா புதியதா என்று ஆன்கி பார்ப்பது முதல் பத்தியை வைத்து, அதாவது நம் கோப்பில் கேள்வியை வைத்து. பட்டியலில் பதிலை மட்டும் திருத்தி மறுபடி ஏற்றினால் பழைய கார்டே புதுப்பிக்கப்படும், அது படித்த வரலாறும் அப்படியே இருக்கும். கேள்வியில் ஒரு சொல்லை மாற்றி ஏற்றினாலோ அது புதுக் கார்டாக வந்து, பழையதும் கூடவே இருக்கும். அக்கா மகள் அந்தக் கோப்பை இப்போது திறப்பதில்லை. பச்சை மை நோட்டையும்தான்.