அந்த நான்கு வரிகளில் யாருடைய கவலை?

தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு வெப்பமானி விற்பவர், மருத்துவமனை மருந்தகப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்: “எங்கள் கருவி 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதியும், எல்லை தாண்டினால் குறுஞ்செய்தி அனுப்பும்.” இது கருவியைப் பற்றிய செய்தி. படிப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு அம்சத்திடமும் “அதனால் என்ன?” என்று கேட்க வேண்டும். குறுஞ்செய்தி வரும். அதனால்? இரவில் குளிர்பெட்டி நின்றாலும் உடனே தெரியும். அதனால்? தடுப்பூசி கெடுமுன் வேறு பெட்டிக்கு மாற்றலாம். இங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னொரு படி போனால் “மருத்துவமனை வளரும்” என்றாகிவிடும். அதை எந்த விற்பனையாளரும் சொல்லலாம்.

இப்போது மின்னஞ்சல் இப்படி மாறும்: “இரவில் குளிர்பெட்டி நின்றால், காலையில்தானே தெரியவருகிறது? வெப்பம் 8 டிகிரியைத் தாண்டியதும் பணியில் இருப்பவரின் கைபேசிக்குச் செய்தி வரும். மருந்தை மாற்ற நேரம் கிடைக்கும். செவ்வாயன்று 10 நிமிடம் காட்டட்டுமா?”

அம்சங்களில் ஒன்றுதான் இடம்பெற்றது; 5 நிமிடப் பதிவு அடுத்த மடலுக்குப் போகட்டும். “தடுப்பூசி இனி கெடவே கெடாது” என்றும் எழுதவில்லை. கருவி எச்சரிக்கும், மருந்தை மாற்றுவது மனிதர்தான். அந்த எல்லைக்குள் நிற்கும் வாக்குறுதியைத்தான் வாங்குபவர் நம்புவார்.