மைக்குக்கு முன்னால் ஒரு பக்கம்

‘பீட்டா’ என்று அச்சில் ஒரு சொல் இருக்கிறது. இயற்பியல் கட்டுரையில் வந்தால் அது ஒரு கதிரின் பெயர். விலங்கு நலச் செய்தியில் வந்தால் ஓர் அமைப்பின் பெயர். கணினி பற்றிய பேச்சில் ‘பைட்’ என்பதோடு சேர்ந்து வந்தால் அது ஓர் அளவு. முதலாவதைச் சொல்லும்போது ‘பஸ்’ என்பதில் வரும் ப, மற்ற இரண்டுக்கும் ‘பட்டு’ என்பதில் வரும் ப. மனதுக்குள் படிக்கிறவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இடத்தைப் பார்த்துப் பொருளைப் புரிந்துகொண்டு கண் நகர்ந்துவிடும். ஆனால் மைக் முன் உட்கார்ந்து வாசிப்பவர் இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆவணப்படம், ஒலிப்புத்தகம், மருத்துவ விளக்கப் படம், அருங்காட்சியக வழிகாட்டி ஒலி என்று தமிழில் குரல் பதிவு வேலைகள் பல உண்டு. இவற்றில் ஒழுங்காக நடக்கும் இடங்களில் ஸ்கிரிப்டோடு இன்னொரு தாளும் இருக்கும். உச்சரிப்புக் குறிப்புப் பக்கம் என்று அதைச் சொல்லலாம். எந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்று பதிவுக்கு முன்பே முடிவு செய்து எழுதிய பக்கம் அது.

உலக அளவில் இதற்குப் பழைய முன்னோடி பிபிசி. பேச்சு ஆங்கிலம் குறித்து ஆலோசனை சொல்ல 1926-இல் அங்கே ஒரு குழு அமைந்தது. கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் அதற்கு முதலில் தலைமை வகித்தார், அவருக்குப் பின் நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா. செய்தி வாசிப்பவர்களுக்கு வெளிநாட்டுப் பெயர்களைத் தேடிச் சொல்வதற்கென்றே பின்னாளில் அங்கே ஒரு தனிப் பிரிவும் வந்தது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய விமானங்களைத் தரையிறக்கியபோது, Eyjafjallajökull என்ற பெயர் உலகத்துச் செய்தி அறைகளையெல்லாம் திணறடித்தது. ஏறக்குறைய ‘ஏய-ஃபியட்ல-யோகுட்ல்’ என்று ஐஸ்லாந்துக்காரர்கள் சொல்வார்கள். அந்த மொழியில் இரண்டு l சேர்ந்தால் ‘ட்ல்’ என்ற ஒலி வரும் என்பது தெரியாமல், எழுத்தைப் பார்த்து மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது.

தமிழில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துகள் அதிகம், அவற்றின் நடத்தை சீரில்லை. நம்மிடம் நடத்தை சீராக இருக்கிறது, எழுத்துதான் குறைவு. க என்ற ஒரே எழுத்து ‘கடல்’ என்பதன் தொடக்கத்தில் அழுத்தமாக ஒலிக்கும், ‘மகன்’ என்பதன் நடுவில் மெலியும், ‘தங்கம்’ என்பதில் தொண்டை அதிர ஒலிக்கும், ‘பக்கம்’ என்பதில் மீண்டும் அழுத்தம் பெறும். நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடுவதால் தமிழ்ச் சொற்களுக்கு வேறு எழுத்து தேவைப்படவில்லை. வெளியிலிருந்து வரும் பெயர்கள் இந்த இட ஒழுங்குக்குக் கட்டுப்படாதவை. சொல்லின் தொடக்கத்திலேயே தொண்டை அதிரும் ஒலி அவற்றில் வரலாம். நல்ல தமிழ் வாசிப்பாளர், தன் நாக்கில் ஊறிய ஒழுங்கின்படியே வாசித்து அங்கே தவறிவிடுவார்.

கதிரியக்கத்தின் வரலாற்றைச் சொல்லும் பத்து நிமிட அறிவியல் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்கிரிப்ட் இப்படிப் போகும்: 1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிகிறார். அடுத்த ஆண்டு பாரிஸில் பெக்கரல், யுரேனிய உப்பிலிருந்து தானாகவே கதிர் வெளிவருவதைக் காண்கிறார். 1898-இல் கியூரி தம்பதி பொலோனியத்தையும் ரேடியத்தையும் அறிவிக்கிறார்கள். 1899-இல் ரூதர்போர்டு ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகைகளைப் பிரித்துப் பெயரிடுகிறார். 1900-இல் பிரான்ஸின் வில்லார்ட் மூன்றாவது வகையைக் காண்கிறார், பின்னால் அதற்குக் காமா என்று பெயர் வருகிறது.

குறிப்பு எழுதுபவர் முதலில் இந்தப் பெயர்களை மூன்று கூறாகப் பிரிப்பார். ஜெர்மனி, பாரிஸ், கியூரி போன்றவை தமிழில் வேரூன்றியவை. இவற்றைப் பிரெஞ்சுக்காரர் சொல்வதுபோலச் சொல்லப் போனால் கேட்பவர் யாரைப் பற்றிய பேச்சு என்றே தடுமாறுவார். எனவே இவற்றில் கை வைக்கக் கூடாது. இரண்டாவது கூறு, தமிழ் வடிவம் இருந்தும் நிலைக்காத பெயர்கள். ஒரு புத்தகத்தில் ராண்ட்ஜன், இன்னொன்றில் ரோண்ட்ஜென் என்று இருக்கும். இரண்டிலும் உள்ள ‘ஜ’ ஆங்கிலம் வழியாக வந்தது. ஜெர்மன் மொழியில் அந்த இடத்தில் இருப்பது ‘தங்கம்’ என்பதில் வரும் க. இப்படிப்பட்ட இடத்தில் அந்த மனிதரும் அவருடைய ஊர்க்காரர்களும் சொல்லும் ஒலிக்கு அருகே போவதே நியாயம். மூன்றாவது கூறு, பெரும்பாலான தமிழ்க் காதுகள் கேட்டேயிராத பெயர்கள். வில்லார்ட் அப்படிப்பட்டவர். அவர் பெயரின் கடைசி d பிரெஞ்சில் ஒலிக்காது, ‘விலார்’ என்றே முடியும்.

முடிவெடுத்த பிறகு அதை எப்படி எழுதுவது என்ற கேள்வி வருகிறது. மொழியியலாளர்களின் குறியீடுகள் துல்லியமானவைதான், ஆனால் ஓடும் வாசிப்பில் அவை பயன்படா. நம்மிடமே ஒரு பழைய வழி இருக்கிறது. வடமொழித் தோத்திரங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடும் சுலோகப் புத்தகங்களில் க, ட, த, ப போன்ற எழுத்துகளின் தலைமேல் 2, 3, 4 என்ற சிறு எண்கள் இருக்கும். அவற்றில் 3 என்பது தொண்டை அதிரும் ஒலி. அந்த ஓர் எண்ணை மட்டும் கடன் வாங்கி, கூடவே எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லையும் வைத்துவிட்டால் போதும். மேற்சொன்ன படத்துக்கான பக்கம் இப்படி அமையும்:

ராண்ட்ஜன்: ரோன்ட்-கெ³ன். ‘தங்கம்’ க. ‘ஜ’ வேண்டாம்.
வூர்ஸ்பர்க்: வ்யுர்ட்ஸ்-பு³ர்க். ‘பஸ்’ ப.
பெக்கரல்: பெ³க்-ரெல். ‘பெங்களூர்’ பெ. இரண்டே அசை.
பொலோனியம்: ‘பொங்கல்’ பொ. மாற்றம் இல்லை.
ரூதர்போர்டு: ரூதர்-ஃபோர்டு. ‘ஃபோன்’ ஃபோ.
பீட்டா: பீ³ட்டா. ‘பீரோ’ பீ.
வில்லார்ட்: விலார். ‘ட்’ இல்லை.
காமா: கா³மா. ‘காந்தி’ கா.

இதில் பொலோனியம் எதற்கு என்று தோன்றலாம். அதற்கு முன்னால் ஒரு பெக்கரலைத் திருத்திச் சொன்ன நாக்கு, அந்த வேகத்தில் பொலோனியத்தையும் பெங்களூரின் ஒலியோடு தொடங்கிவிடும். சரியாக இருப்பதைத் திருத்திக் கெடுப்பது படித்த வாசிப்பாளர்களிடம்தான் அதிகம் நடக்கும். அதனால் ‘மாற்றம் இல்லை’ என்பதையும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. அதேபோல, ஜெர்மன் ö ஒலியை அப்படியே கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் எழுதக் கூடாது. உதட்டைக் குவித்து எகரம் சொன்னால்தான் வரும் ஒலி அது. வாக்கியத்தின் நடுவே அதற்கு முயன்றால் அந்த ஒரு சொல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ‘ரோ’ என்று சொல்லி நகர்வதே போதும்.

அளவுகளுக்கும் இதே கவனம் தேவை. கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் கிரே என்ற அலகு ‘கிராம்’ என்பதைப் போலத் தொடங்கும். சீவர்ட் என்பதை ‘ஸீ’ என்று தொடங்க வேண்டும். ஸ்கிரிப்டில் `mSv` என்று இருந்தால் மில்லிஸீவர்ட், `μSv` என்று இருந்தால் மைக்ரோஸீவர்ட். இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம். மார்பு எக்ஸ்ரே ஒன்றின் அளவு ஏறக்குறைய 0.1 மில்லிஸீவர்ட். அவசரத்தில் முன்னொட்டை மாற்றி வாசித்தால் குரல் இனிமையாகவே இருக்கும், செய்தி ஆயிரம் மடங்கு பொய்யாகிவிடும். ஆகவே எழுத்துச் சுருக்கங்களை ஸ்கிரிப்டிலேயே முழுச் சொல்லாக விரித்துவிட வேண்டும். ‘1895-இல்’ என்பதற்கும் ‘ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்தில்’ என்று கீழே எழுதிவிட்டால் வாசிப்பவர் ஆண்டைக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்க மாட்டார்.

குரல் தேர்வையும் இந்தப் பக்கத்தை மனதில் வைத்தே நடத்துவது நல்லது. பொதுவாக ஆடிஷனுக்கு ஒரு கவிதையோ விளம்பர வரியோ கொடுப்பார்கள். அதில் குரலின் தரம் தெரியும், இந்த வேலைக்கு ஆள் பொருந்துவாரா என்பது தெரியாது. ஸ்கிரிப்டிலேயே பெயர்கள் நெருக்கமாக வரும் ஒரு பத்தியை, குறிப்புப் பக்கம் இல்லாமல், பத்து நிமிடம் முன்னதாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் பெயரைக் குத்துமதிப்பாகச் சொல்லிக் கடந்துவிடுவார். இன்னொருவர் வாசிக்கும் முன்பே, “சார், இந்தப் பிரெஞ்சுப் பேர்ல கடைசி எழுத்து வருமா?” என்று கேட்பார். நீண்ட தொழில்நுட்ப ஸ்கிரிப்டுக்கு இரண்டாமவரே ஏற்றவர். அவருடைய குரல் ஒரு படி சாதாரணமாக இருந்தாலும் பரவாயில்லை.

அந்தப் பத்தியில் ‘ஒளி’, ‘ஒலி’ இரண்டும் அருகருகே வருமாறு ஒரு வாக்கியமும் இருக்கட்டும். ளகரத்தையும் லகரத்தையும் ஒன்றாகச் சொல்பவர் வாயில் வெளிச்சம் சத்தமாகிவிடும். வெளிநாட்டுப் பெயரை ஒரு பக்கத்துக் குறிப்பில் திருத்திவிடலாம். இந்தப் பழக்கத்தை ஒரு நாள் பதிவில் திருத்த முடியாது.

இவ்வளவையும் முன்கூட்டியே செய்வதற்குக் காரணம், பிற்பாடு திருத்துவது பார்ப்பதற்கு எளிது, கேட்பதற்கு எளிதல்ல. நான்கு நாள் கழித்து வந்து ஒரே ஒரு ‘பெக்கரல்’ மட்டும் மறுபடி பேசினால், அன்றைக்கு மைக்குக்கும் வாய்க்கும் இருந்த இடைவெளி இன்றைக்கு இருக்காது. குரலின் களைப்பு வேறு, அறையின் சத்தம் வேறு. ஒட்டிய இடம் காதில் தட்டும். எனவே அனுபவமுள்ள ஒலிப்பதிவாளர்கள் சொல்லை மட்டும் மாற்ற மாட்டார்கள், முழு வாக்கியத்தையும் மறுபடி பேச வைப்பார்கள். பேசத் தொடங்குமுன், பழைய பதிவில் அதற்கு முந்தைய வாக்கியத்தை வாசிப்பாளரின் ஹெட்ஃபோனில் ஓடவிட்டு, அதே வேகத்தையும் சுருதியையும் பிடிக்கச் சொல்வார்கள். ஒரே பெயர் நாற்பது இடத்தில் வருகிறதென்றால் இந்த வேலையும் நாற்பது முறை நடக்க வேண்டும்.

பதிவு முடிந்ததும் ஒரு சோதனை பாக்கியிருக்கிறது. ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்குப் பல தவறுகள் கேட்காது. கண் படித்ததைக் காதும் கேட்டதாக நினைத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டைப் பார்த்திராத ஒருவரிடம் பதிவைக் கொடுத்து, வந்த பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதச் சொல்ல வேண்டும். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதினால் வாசிப்பாளர் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. ஒன்றை எழுதவே முடியாமல் விட்டால் அங்கே வேகம் அதிகம். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, “இந்த ரோன்ட்கென்தான் எக்ஸ்ரே கண்டுபிடிச்சவரா?” என்று அவர் கேட்டால், பெயர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன் பிறகே அந்தப் பதிவை வெளியே அனுப்பலாம்.